புரதம்: மூன்று வேளையா, நான்கு வேளையா? பிட்டும் மீன்கறியும் சாப்பிடும் நமக்கு எது சரி

ஜிம்முக்குப் போகத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும் பலருக்கும் ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. "ஒரு நேரத்தில் 20 கிராமுக்கு மேல் புரதம் சாப்பிட்டால் உடம்பு எடுக்காதாம். அப்படியென்றால் நாளுக்கு நாலு தரம் சாப்பிட வேணுமா? வேலைக்குப் போகிற எனக்கு மூன்று வேளைதானே சரிவரும்?" மட்டக்களப்பிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி வெவ்வேறு வார்த்தைகளில் வந்துகொண்டே இருக்கிறது. மூன்று, நான்கு இரண்டையும் நம் சாப்பாட்டை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்போம். கூடவே இப்போது பலர் சாப்பிடும் முறையையும், அதாவது காலையில் கொஞ்சமும் இரவில் நிறையவும் சாப்பிடுவதையும், மூன்றாவது தெரிவாக எடுத்துக்கொள்வோம்.

## அந்த 20 கிராம் எங்கிருந்து வந்தது

2009இல் கனடாவில் ஆறு இளைஞர்களைக் காலுக்குப் பயிற்சி செய்யவிட்டு, பிறகு முட்டைப் புரதத்தை 5, 10, 20, 40 கிராம் என்று வெவ்வேறு தடவைகளில் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். தசை புதிதாகப் புரதம் கட்டும் வேகம் 20 கிராம் வரை ஏறியது. 40 கொடுத்தபோது அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை. "20க்கு மேல் வீண்" என்ற பேச்சு பரவியதற்கு இதுபோன்ற ஆய்வுகள்தான் காரணம்.

2016இல் ஸ்கொட்லாந்தில் காலுக்கு மட்டும் இல்லாமல் முழு உடம்புக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, 40 கிராம் குடித்தவர்களுக்குத் தசை கட்டும் வேகம் 20 கிராம் குடித்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2023இல் நெதர்லாந்தில் 25 கிராமையும் 100 கிராமையும் ஒப்பிட்டார்கள். 100 கிராம் எடுத்தவர்களின் உடம்பு அதை 12 மணி நேரத்துக்கு மேலாக மெதுவாகச் செரித்து, தசைக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது.

ஆக 20 கிராம் என்பது உச்சவரம்பு இல்லை. அதற்கு மேல் சாப்பிடுவதை உடம்பு வெளியே தள்ளிவிடுவதும் இல்லை. அதைக் குறைந்தபட்ச அளவு என்று எடுத்துக்கொள்வதே சரி. ஒரு வேளையில் அதற்குக் கீழே சாப்பிட்டால் தசை கட்டும் வேலை முழு வேகத்தைப் பிடிக்காது. அந்த வேகத்தைத் தொடக்கிவிடுவது லியூசின் என்ற அமினோ அமிலம். ஒரு வேளைக்கு அது 2 முதல் 3 கிராம் வரை வேண்டும். மீன், முட்டை, இறைச்சி என்றால் 25 முதல் 30 கிராம் புரதத்தில் அது கிடைத்துவிடும்.

ஆளுக்கு ஆள் எடை வேறுபடும் என்பதால், உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் என்பதை ஒரு வேளைக்கான குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம். 65 கிலோ என்றால் 26 கிராம். நாள் முழுவதற்குமான மொத்தத்துக்கு, 49 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் வெளிவந்த கணக்கு ஒன்று இருக்கிறது. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் பலன் ஏறத்தாழ நின்றுவிடுகிறது என்கிறது அது. 65 கிலோவுக்கு அது 104 கிராம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன், முக்கியமானது முதலில்.

முதலாவது, நாளின் மொத்தம் சேருகிறதா என்பது. மொத்தம் குறைந்தால் எப்படிப் பிரித்தாலும் பயன் குறைவு. இரண்டாவது, ஒவ்வொரு வேளையும் அந்தக் குறைந்தபட்ச அளவைத் தொடுகிறதா என்பது. மூன்றாவது, வேலை நாளிலும் மழை நாளிலும் மாதக் கடைசியிலும் அதைத் தொடர முடியுமா என்பது. நான்காவது செலவு. அதில் காசு மட்டுமில்லை, சமைக்கிறவரின் நேரமும் அடங்கும்.

கையில் ஓர் அளவு இருந்தால் மீதி எல்லாம் எளிது. ஏறத்தாழ 25 கிராம் புரதம் என்றால் இவற்றில் ஒன்று: நான்கு முட்டை, முள் நீக்கிய சமைத்த மீன் 100 கிராம், அதாவது விரல்களை விட்டு உள்ளங்கை அளவும் ஒரு விரல் தடிப்பும் உள்ள துண்டு, எலும்பில்லாத சமைத்த கோழி 90 முதல் 100 கிராம், ஊறவைக்கும் முன் உலர்ந்த நிலையில் 50 கிராம் சோயா மீற், அவித்த கடலை 280 கிராம். நம்முடைய எருமைத் தயிர் நல்ல சாப்பாடுதான். ஆனால் 100 கிராமில் 4 கிராம் சொச்சம்தான் புரதம் என்பதால், தயிரால் மட்டும் 25ஐத் தொட வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்.

## தெரிவு 1: இப்போது இருப்பது போலவே

65 கிலோ எடையுள்ள ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கல்லடிப் பக்கம் அலுவலக வேலை, பின்னேரம் ஐந்தரைக்கு ஜிம். காலையில் பிட்டு, சொதி, சம்பல்: 8 கிராம். பத்து மணிக்குப் பால் தேநீரும் பணிஸும்: 5 கிராம். மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன்: 27 கிராம். பின்னேரம் பிளேன் ரீயும் வடையும்: 4 கிராம். ஜிம் முடிந்து வந்து இடியப்பமும் நிறையக் கோழிக்கறியும்: 47 கிராம். எல்லாம் சேர்ந்து 91.

இவர் புரதம் குறைவாகச் சாப்பிடுகிறவர் என்று சொல்ல முடியாது. 104க்கு 13தான் குறைவு. ஆனால் முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும், ஏறத்தாழ 16 மணி நேரம், குறைந்தபட்ச அளவை அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை.

இப்படிச் சாப்பிடுவதால் எவ்வளவு இழப்பு? 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நாளுக்கு ஏறத்தாழ 90 கிராம் புரதத்தை மூன்று வேளைக்கும் 30 கிராமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதே ஆட்களுக்கே இன்னொரு தடவை காலையில் 10 கிராம் சொச்சம், இரவில் 60க்கு மேல் என்று கொடுத்தார்கள். சமமாகப் பிரித்தபோது, 24 மணி நேரத்தில் தசைப் புரதம் கட்டப்பட்ட அளவு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் மூத்தவர்களிடம் செய்த சில ஆய்வுகளில் பங்கீட்டால் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதோடு ஒரு நாளில் அளந்த வேகம் அப்படியே மாதக்கணக்கில் கிலோவாக மாறிவிடாது. ஆதலால் நான் இதை இரண்டாம் இடத்து விஷயமாகத்தான் பார்க்கிறேன். மொத்தத்தைச் சரி செய்த பிறகு கிடைக்கும் கூடுதல் பலன் இது.

இந்த முறை யாருக்குப் பொருந்தும்? பயிற்சி தொடங்கி முதல் ஓரிரு மாதத்தில் இருப்பவருக்குப் பரவாயில்லை. அவருக்கு அப்போது எதைச் செய்தாலும் பலன் தெரியும். மொத்தத்தை மட்டும் கவனித்தால் போதும்.

## தெரிவு 2: மூன்று வேளை

மூன்று வேளை என்றால் வேளைக்கு 35 கிராம். மத்தியானத்திலும் இரவிலும் அது சிரமமே இல்லை. மத்தியானம் மீன் ஒரு துண்டுக்குப் பதில் ஒன்றரைத் துண்டு என்றால் 35 வந்துவிடும். இரவில் கோழியைக் குறைத்தாலே 33. சிக்கல் எல்லாம் காலையில்தான்.

பிட்டு, இடியப்பம், பாண், தோசை என்று நம் காலைச் சாப்பாடு எதை எடுத்தாலும் மாவும் தேங்காயும்தான். ஒரு பெரிய கோப்பை பிட்டில் 7 கிராம் புரதம் இருக்கும். அதுவும் அரிசிப் புரதம், லைசின் என்ற அமினோ அமிலம் குறைந்தது. சொதியும் சம்பலும் சேர்த்தால் இன்னும் ஒன்று. பிட்டைக் கூட்டி 35ஐத் தொட முடியாது, அதற்கு ஐந்து கோப்பை வேண்டும். பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் மாற்றம் வர முடியும்.

இதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. பிட்டுக்குப் பழைய மீன்கறி. முதல் நாள் கறியில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை எடுத்துவைத்துக் காலையில் சூடாக்கினால், பிட்டின் 7உம் மீனின் 25உம் சேர்ந்து 32. கறியை இரவு முழுவதும் அடுப்படியில் விடாமல், ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். சூரை போன்ற மீன்களில் இது இன்னும் முக்கியம். வெளியே கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து அரிப்பு வருவது அதனால்தான். பெட்டி இல்லாத வீட்டில் காலையில் மூன்று முட்டையும் ஒரு கோப்பை அவித்த கௌபியும் வைக்கலாம். பிட்டோடு சேர்ந்து 37 வரும்.

அந்த இளைஞரின் புதுக் கணக்கு: காலை 37, மத்தியானம் 35, இரவு 33, மொத்தம் 105. இரவுக் கோழியை 150 கிராமிலிருந்து 100க்குக் குறைத்ததால் மிச்சமான காசில் முட்டைச் செலவில் ஒரு பங்கு போய்விடுகிறது. மீன்கறி வழியில் போனால் அதுவும் இல்லை, இரவுத் துண்டு காலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு காலை நேரம். ஐந்தரை மணிக்குப் பிட்டு அவிக்கிறவரிடம் முட்டையும் கௌபியும் சேர்த்துக் கேட்பது நியாயமில்லை. கௌபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, முட்டையைச் சாப்பிடுகிறவரே அவித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, மூன்றில் ஒரு வேளை தவறினால் நாளின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். காலைச் சாப்பாட்டை அடிக்கடி விடுகிறவருக்கு மூன்று வேளைத் திட்டம் சரிவராது.

மூன்று வேளை நல்ல தெரிவாவது மூன்று இடங்களில். வேலை இடத்தில் நிம்மதியாகச் சாப்பிட வசதி இல்லாதவர்களுக்கு. எடை 70 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு. மொத்தம் 104 வரை போகவே முடியாத வீட்டுக்கு. கடைசியாகச் சொன்னது முக்கியம், கீழே அதற்குத் திரும்ப வருகிறேன்.

## தெரிவு 3: நான்கு வேளை

65 கிலோவுக்குக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. 104ஐ நான்கால் வகுத்தால் 26. ஒவ்வொரு வேளையும் சரியாகக் குறைந்தபட்ச அளவு. 2013இல் ஒஸ்ரேலியாவில் பயிற்சிக்குப் பிறகான 12 மணி நேரத்தில் பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் 80 கிராமை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டுத் தடவை 10 கிராம், நான்கு தடவை 20 கிராம், இரண்டு தடவை 40 கிராம். நான்கு தடவை கொடுத்தது முன்னால் நின்றது. நான்கு வேளை என்பதற்குப் பெரும்பாலும் காட்டப்படும் சான்று இதுதான். ஆனால் அவர்கள் கொடுத்தது வேகமாகச் செரிக்கும் பவுடர். சோறும் கறியும் வயிற்றில் மணிக்கணக்காக இருந்து மெதுவாகத்தான் செரிக்கும். அதனால் இரண்டு வேளைக்கு இடையில் ஐந்து மணி நேரம் போனாலும் நான் கவலைப்படமாட்டேன்.

நான்கு வேளையில் காலைப் பிரச்சினை இலகுவாகிறது. பிட்டும் மூன்று முட்டையும் 25, போதும். மத்தியானம் சோறு, பருப்போடு முன்புபோல ஒரு துண்டு மீனே 27 தருகிறது. இரவில் இடியப்பமும் சிறிது கோழியும் 26. ஆனால் புதிதாக ஒரு கேள்வி வருகிறது: பின்னேர வேளையில் என்ன சாப்பிடுவது?

இந்த நான்காவது வேளைதான் நடைமுறையில் தோற்றுப்போகிற இடம். கடையில் கிடைப்பது வடை, ரோல்ஸ், பணிஸ், பால் தேநீர். இரண்டு வடையும் ஒரு பால் தேநீரும் 10 கிராமைக்கூடத் தாண்டாது. ஆனால் எண்ணெயும் சீனியும் நிறைய. "நான்கு வேளை சாப்பிடுகிறேன்" என்று நினைத்துக்கொண்டு உண்மையில் மூன்றரை வேளைதான் சாப்பிடுகிறோம். மற்ற மூன்று வேளையையும் 26க்குக் குறைத்துவிட்டதால் மொத்தம் 85க்கு இறங்கிவிடும், பழைய 91ஐவிடக் குறைவு.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் பின்னேர வேளையை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். அவித்த கடலை ஒரு பெரிய கோப்பை, 200 கிராம், 18 தரும். 25 கிராம் பால்மா கரைத்த ஒரு கிளாஸ் பால் 6 தரும். மொத்தம் 24. அல்லது அவித்த முட்டை நான்கு. புரோட்டீன் பவுடர் ஒரு கரண்டி 20 முதல் 25 தரும், டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளவும். பவுடர் தீங்கானது இல்லை, வசதிதான். வாங்கும் முன் டப்பா விலையை அதில் இருக்கும் கரண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அன்றைய நான்கு முட்டை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டை விலை இங்கே ஏறி இறங்குவதால் இந்தக் கணக்கை அவ்வப்போது திரும்பப் போட வேண்டும்.

80 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு நான்கு வேளைதான் நல்லது. அவருக்கு நாளுக்கு 128 கிராம் வேண்டும். மூன்றாகப் பிரித்தால் வேளைக்கு 43, காலையில் அது மிகவும் கடினம். மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு, ஜிம் முடித்து இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டுக்கு வருகிறவருக்கும் நான்காவது வேளை உதவும். அறுவடைக் காலத்தில் விடியக்காலையிலேயே வயலுக்குப் போய் பத்து மணிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு அது இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

65 கிலோ எடைக்கான கணக்கு, கிராமில்:

| | இப்போது | மூன்று வேளை | நான்கு வேளை |
|---|---|---|---|
| காலை | 8 | 37 | 25 |
| மத்தியானம் | 27 | 35 | 27 |
| பின்னேரம் | 4 | – | 24 |
| இரவு | 47 | 33 | 26 |
| தேநீர்ப் பலகாரம் | 5 | – | – |
| மொத்தம் | 91 | 105 | 102 |
| 26ஐத் தொடும் வேளைகள் | 2 | 3 | 2, மற்ற இரண்டும் மயிரிழையில் கீழே |
| எங்கே உடையும் | காலை | காலை தவறினால் | பின்னேரம் கடைக்குப் போனால் |

ஒரு வேளையில் 24, 25 வந்தால் தோல்வி இல்லை. அளவு அவ்வளவு கூர்மையானது அல்ல. ஆனால் நான்கு வேளைத் திட்டத்தில் நான்குமே விளிம்பில் நிற்பதைக் கவனியுங்கள். மூன்று வேளைத் திட்டத்தில் ஒரு வேளைக்குக் குறைந்தது 7 கிராம் இடைவெளி இருக்கிறது. மீன் துண்டு சின்னதாகப் போனாலும் பரவாயில்லை. கூடவே, இந்தக் கணக்கில் சோறு, பிட்டு, பருப்பின் புரதமும் சேர்ந்திருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது முட்டைப் புரதமும் பால் புரதமும். அதனால் 65 கிலோ ஆள் ஒருவருக்கு இரண்டு வழியும் சாத்தியம் என்றால் நான் மூன்றைத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே காரணத்தால் அன்று மூன்று வேளையே நல்லது. பருப்பிலும் கடலையிலும் லியூசின் சற்றுக் குறைவு. அதனால் வேளைக்கு 26க்குப் பதில் 30 முதல் 35 வரை வேண்டும். 50 கிராம் சோயா மீற் கறியைச் சோறு, பருப்போடு சாப்பிட்டால் 35ஐத் தாண்டும்.

## மொத்தம் குறைவாக இருந்தால்

இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் விட்டுவிடுகிற இடம் இது. "நான்கு வேளை" என்ற அறிவுரை, மொத்தம் நிறையச் சாப்பிடுகிறவருக்குத்தான். மொத்தம் குறைவாக உள்ளவர் நான்காகப் பிரித்தால் எந்த வேளையும் அளவைத் தொடாது.

எத்தனை வேளை என்பதை முதலில் முடிவு செய்யாமல், கடைசியில் கணக்கே சொல்லட்டும். ஒரு சாதாரண நாளில் உண்மையில் எவ்வளவு புரதம் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அதை உங்கள் வேளை அளவால், அதாவது எடையை 0.4ஆல் பெருக்கி வரும் எண்ணால், வகுங்கள். வரும் எண்ணில் முழு எண்ணை மட்டும் எடுங்கள். 104 சாப்பிடும் 65 கிலோ ஆளுக்கு 4. மாதக் கடைசியில் அதே ஆள் 80தான் சாப்பிட முடிகிறது என்றால் 80ஐ 26ஆல் வகுக்க 3. அந்த வாரம் பின்னேர வேளையை விட்டுவிட்டு மூன்றை நிறைவாகச் சாப்பிடுவதே மேல்.

அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கு இது இன்னும் பெரிய விஷயம். வயது போகப் போக அதே தூண்டலுக்குத் தசைக்குக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இளைஞருக்கு கிலோவுக்கு 0.24 கிராமில் கிடைத்த பலனுக்கு மூத்தவருக்கு 0.4 வேண்டியிருந்தது. இளைஞருக்கு 0.4 என்பது கொஞ்சம் தாராளமான அளவு, மூத்தவருக்கு அதுவே அடிப்படை. 55 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு வேளைக்கு 22. நாளுக்கு அவர் சாப்பிடுவது 50 கிராம்தான் என்றால் இரண்டு வேளைக்குத்தான் சரிவரும். இவருக்கு "அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கோ" என்று சொல்வது தசையைப் பொறுத்தவரை தவறான அறிவுரை. காலையில் இரண்டு முட்டையைச் சேர்த்தால் மொத்தம் 62 ஆகும். மத்தியானத்திலும் இரவிலும் 22 வீதம் போக, காலைக்கு 18 மிஞ்சும். மூன்றாவது வேளையும் ஏறத்தாழ வந்துவிட்டது. சிறுநீரக நோய் இருப்பவர் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

## நோன்பு மாதத்தில்

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னும் ஒரு கணக்கு. பகலில் 13 மணி நேரத்துக்கு மேல் சாப்பாடு இல்லை. மீதி நேரத்தில் நான்கு வேளை என்பது நடக்காது, தேவையும் இல்லை. மூன்று இடங்கள் இருக்கின்றன: நோன்பு திறக்கும் நேரம், தராவீஹுக்குப் பிறகு, சஹர்.

நோன்புக் கஞ்சியில் இறைச்சி தாராளமாக இல்லாவிட்டால் ஒரு கோப்பைக்குச் சில கிராம்தான் புரதம். அதனால் கஞ்சியோடு நான்கு முட்டையோ கோழியோ சேர்த்து முதல் வேளையை 30க்குக் கொண்டுவரலாம். தராவீஹுக்குப் பிந்திய சாப்பாட்டில் 35. சஹரில்தான் பலர் பாணும் தேநீரும் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அதற்கடுத்த வேளை அன்று மாலைதான் என்பதால், மெதுவாகச் செரிக்கும் சாப்பாடாக, சோறு, மீன், தயிர் என்று அங்கேயும் 35 இருக்கட்டும். 100 கிராமை ஒரே தடவை எடுத்தாலும் உடம்பு மணிக்கணக்கில் பயன்படுத்தும் என்று 2023 ஆய்வு காட்டியதால், இந்த மாதத்தில் இரண்டு வேளைதான் முடிகிறது என்றாலும் மொத்தத்தை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

## சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

எந்தத் தெரிவை எடுத்தாலும் ஆறு முதல் எட்டு வாரம் மாற்றாமல் செய்யுங்கள். வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள், ஜிம்மில் தூக்கும் எடையை எழுதிவையுங்கள். தூக்கும் எடை ஏறுகிறது, உடல் எடை நிலையாக இருக்கிறது அல்லது மெதுவாக ஏறுகிறது என்றால் பங்கீட்டைத் தொட வேண்டாம். உடல் எடை இறங்குகிறது என்றால் அது பங்கீட்டுப் பிரச்சினை இல்லை, மொத்தச் சாப்பாடே குறைவு. சோற்றைக் கூட்டுங்கள். எடையும் நிலை, தூக்குவதும் நிலை என்றால் முதலில் புரத மொத்தத்தையும் பிறகு காலை வேளையையும் பாருங்கள். மூன்றை நான்காக்குவது அதற்கும் பிறகுதான்.